மூடி வைத்து எழுதினால் வருகிறது, கேள்வி மாறினால் வரவில்லை

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிரல் எழுதும் வீட்டுப்பாடம் வந்தால் பெரும்பாலும் எனக்குத் தொடங்கவே தெரிவதில்லை. ஆசிரியர் தரும் மாதிரி விடையை இரண்டு மூன்று முறை படித்து, மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதுகிறேன். ஓடுகிறது. புரிந்துவிட்டது என்றே தோன்றுகிறது. ஆனால் சென்ற தேர்வில் பைனரி சர்ச் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டார்கள். கை ஓடவே இல்லை. நான் செய்வது படிப்பா, மனப்பாடமா? இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா? இப்படி எழுதியதைச் சமர்ப்பித்தால் காப்பியடித்ததாக ஆகுமா?

பதில்:

விட வேண்டாம். விடையைப் பார்த்துக் கற்பது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். 1985இல் ஸ்வெல்லர், கூப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இயற்கணிதத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவினர் கணக்குகளைத் தாங்களே போட்டுப் பழகினார்கள். இன்னொரு குழுவினர் போட்டு முடித்த கணக்குகளைப் படித்துப் பழகினார்கள். பிறகு அதே வடிவக் கணக்குகளைக் கொடுத்தபோது, படித்துப் பழகியவர்கள் வேகமாகவும் பிழை குறைவாகவும் போட்டார்கள். ஆனால் வடிவம் மாறிய கணக்குகளில் அந்த முன்னிலை காணாமல் போயிற்று. உங்கள் தேர்வறையில் நடந்ததும் இதுதான். மாதிரி விடை அதன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குமேல் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

பைனரி சர்ச் என்று நீங்களே சொல்லிவிட்டதால் அதையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான நிரலும் கிடைக்காது. ஒன்பதே வரிதான், ஆனால் ஒன்பது வரிக்குள் ஏழெட்டுக் குழிகள். ஏறுவரிசையில் உள்ள ஒரு பட்டியலில் `x` என்ற எண் முதன்முதலில் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் `-1` தர வேண்டும். மாதிரி விடை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```python
def first_pos(a, x):
    lo, hi = 0, len(a)
    while lo < hi:
        mid = (lo + hi) // 2
        if a[mid] < x:
            lo = mid + 1
        else:
            hi = mid
    return lo if lo < len(a) and a[lo] == x else -1
```

படித்தால் எல்லாம் விளங்குகிறது. நடுவில் பார், சிறியதாக இருந்தால் வலப்பக்கம் போ, இல்லாவிட்டால் இடப்பக்கம் போ. மூடி வைத்துவிட்டு எழுதுகிறீர்கள். வரிகள் எல்லாம் வந்துவிடுகின்றன, ஒரே ஓர் இடம் தவிர. `hi = mid` என்பதற்குப் பதில் கை தானாக `hi = mid - 1` என்று எழுதிவிடுகிறது. மேலே `lo = mid + 1` இருக்கிறதே, அதற்கு ஜோடியாகக் கீழே `- 1` இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. போதாக்குறைக்கு, பைனரி சர்ச்சின் இன்னொரு வடிவத்தில் அப்படித்தான் இருக்கும், அதையும் எங்கோ பார்த்திருப்பீர்கள். நினைவு இப்படி இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்துவிடுவது வழக்கம்.

இப்போது `[2, 5, 5, 5, 9]` என்ற பட்டியலில் 5ஐத் தேடிப் பார்க்கிறீர்கள். `lo` 0, `hi` 5, `mid` 2. அங்கே 5 இருக்கிறது, ஆகவே `hi` 1 ஆகிறது. அடுத்து `mid` 0. அங்கே 2 இருக்கிறது, ஆகவே `lo` 1 ஆகிறது. லூப் நின்றது. விடை 1. சரியான விடை! 2ஐத் தேடினால் 0 வருகிறது, அதுவும் சரி. ஓடுகிறது என்று எழுதினீர்களே, இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

9ஐத் தேடுங்கள். `mid` 2இல் 5 இருக்கிறது, `lo` 3 ஆகிறது. அடுத்து `mid` 4. அங்கேதான் 9 இருக்கிறது. அது 9ஐவிடச் சிறியதல்ல, ஆகவே `hi` 3 ஆகிறது. லூப் நின்றுவிட்டது. `lo` 3இல் நிற்கிறது, அந்த இடத்தில் இருப்பதோ 5. நிரல் `-1` என்கிறது. கையில் பிடித்த 9ஐத் தானே வெளியே தள்ளிவிட்டு, இல்லை என்று சாதிக்கிறது.

இப்போது நீங்கள் செய்யக்கூடிய மிக மோசமான காரியம், மாதிரி விடையைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்து, ஓ, அங்கே `- 1` கிடையாதா என்று அடித்துத் திருத்துவது. அந்தக் கணத்தில் நிரல் சரியாகிவிடும், உங்களுக்கு எதுவும் ஆகியிருக்காது. அடுத்த மாதம் அதே இடத்தில் கை மறுபடி சறுக்கும். பிழை வந்த வரியை நோக்கி ஒரு கேள்வி கேட்க வேண்டும்: `lo`, `hi` என்ற இரண்டு மாறிகளும் எதைப் பற்றி என்ன வாக்குக் கொடுக்கின்றன?

இந்த நிரலில் அந்த வாக்கு இரண்டே வாக்கியம். `lo`வுக்கு இடப்பக்கம் இருப்பவை எல்லாம் `x`ஐவிடச் சிறியவை. `hi` இருக்கும் இடம் முதல் வலப்பக்கம் இருப்பவை எல்லாம் `x`க்குச் சமம் அல்லது அதைவிடப் பெரியவை. நடுவில் கிடப்பதுதான் நமக்குத் தெரியாத பகுதி. லூப் அந்தப் பகுதியைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. அது ஒன்றுமில்லாமல் போனதும் நிற்கிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு வரிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் தானாக விழும். `hi` ஏன் `len(a)`இல் தொடங்குகிறது? தொடக்கத்தில் எதைப் பற்றியும் நமக்குத் தெரியாது, ஆகவே `hi`யின் வலப்பக்கம் எதுவும் இருக்கக் கூடாது. `a[mid]` சிறியது என்றால் `mid` இடப்பக்கக் கூட்டத்தைச் சேர்ந்தது, ஆகவே `lo` அதைத் தாண்டி நிற்க வேண்டும். அதுதான் `mid + 1`. சிறியதல்ல என்றால் `mid` வலப்பக்கக் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டம் `hi`யையும் சேர்த்துத்தான் தொடங்குகிறது, ஆகவே `hi` அந்த இடத்திலேயே நிற்கலாம். `mid - 1` என்று எழுதினால், இன்னும் பார்க்காத ஓர் எண்ணையும் பெரியவர் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறோம். 9ஐத் தேடியபோது மூன்றாம் இடத்து 5 அப்படித்தான் விசாரணையின்றி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. 5ஐத் தேடியபோது பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம்.

இனி அந்த வரியை மறக்க முடியுமா என்று பாருங்கள். மறந்தாலும் அரை நிமிடத்தில் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். மனப்பாடத்துக்கும் படிப்புக்கும் நான் வைத்திருக்கும் கோடு இதுதான்: நினைவிலிருந்து எழுதும்போது வரிகளை நினைவுகூர்கிறீர்களா, வாக்கை நினைவுகூர்ந்து வரிகளை வருவித்துக்கொள்கிறீர்களா?

இதை நான் ஏதோ தெளிவாகப் பிறந்தவனாகச் சொல்லவில்லை. என் முதல் வேலைக்கான நேர்காணலில் பலகையில் பைனரி சர்ச் எழுதச் சொன்னார்கள். மனப்பாடமாக இருந்தது, கடகடவென்று எழுதினேன். எதிரில் இருந்தவர் சாக்பீஸை வாங்கி `lo = mid + 1`இல் இருந்த `+ 1`ஐ மட்டும் அழித்துவிட்டு, “இப்போது என்ன ஆகும்?” என்று கேட்டார். தவறான விடை வரும் என்றேன். “எந்த எண்ணுக்கு?” என்றார். நான் பலகையைப் பார்த்தேன், பலகை என்னைப் பார்த்தது. அவர் எதிர்பார்த்தது தவறான விடையே அல்ல. மேலே உள்ள பட்டியலில் அந்த நிரல் 9ஐத் தேடினால் ஒரு கட்டத்தில் `lo` 3, `hi` 4 என்று வந்துவிடும். `mid` 3 ஆகும், `lo` மறுபடி 3 ஆகும். பிறகு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், விடையே வராது. வேலை கிடைக்கவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்துத்தான் இதைக் கண்டுகொண்டேன்.

சரி, உங்கள் முறையில் எதை மாற்றலாம்? முதலில், விடையைத் திறப்பதற்கு முன் ஒரு கால் மணி நேரம் தாளோடு உட்காருங்கள். தொடங்கவே தெரியவில்லை என்கிறீர்கள், பரவாயில்லை. பட்டியலை எழுதி, கையால் நீங்களே எப்படித் தேடுவீர்கள் என்று செய்து பாருங்கள். நிரல் வரவேண்டியதில்லை. எந்த இடத்தில் முட்டிக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். “ஒரே எண் மூன்று முறை வந்தால் முதலாவதை எப்படிப் பிடிப்பது?” என்பதைப் போல. பிறகு விடையைப் படிக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிப்பீர்கள். வெறுமனே மேலிருந்து கீழே படிப்பது வேறு, அது வேறு.

படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் அருகில் ஏன் என்று எழுதுங்கள். அந்த வரி என்ன செய்கிறது என்று எழுதுவதில் பயனில்லை. “`hi`யை `mid` ஆக்குகிறது” என்று எழுதினால் நிரலைத் தமிழில் பெயர்த்தீர்கள், அவ்வளவுதான். “`mid`இல் இருப்பதே விடையாக இருக்கலாம், ஆகவே அதைத் தேடும் வட்டத்துக்கு வெளியே தொலைத்துவிடக் கூடாது” என்று எழுதினால் அது காரணம். 1989இல் மிஷலின் சி என்ற ஆய்வாளரும் அவரோடு பணியாற்றியவர்களும், இயற்பியல் மாணவர்கள் போட்டு முடித்த கணக்குகளை எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். நன்றாகக் கற்றவர்கள் ஒவ்வொரு படிக்கும் தமக்குத்தாமே காரணம் சொல்லிக்கொண்டே போனார்கள். மற்றவர்கள் சொல்லிக்கொண்ட காரணங்கள் குறைவு. பிறகு புதிய கணக்குப் போடும்போது, முதல் வகையினர் மாதிரியில் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் திரும்பினார்கள். இரண்டாம் வகையினர் விடை எங்காவது கிடைக்காதா என்று மாதிரியை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இரண்டு மூன்று முறை படிப்பதாக எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஏன் என்று எழுத முடியாத வரி ஒன்று நிச்சயம் இருக்கும். அதற்கு வட்டம் போடுங்கள். நினைவிலிருந்து எழுதும்போது பெரும்பாலும் அந்த வரிதான் காலை வாரும். இந்த நிரலில் பலருக்கு அது கடைசி வரி. `lo < len(a)` என்ற சோதனை எதற்கு என்று விளங்காமல் கடந்துவிடுவார்கள், மூடி எழுதும்போது அது விட்டுப்போகும். 11ஐத் தேடினால் `lo` 5க்குப் போய் நிற்கும். பட்டியலில் ஐந்தாம் இடம் என்று ஒன்றே இல்லை, கடைசி இடம் 4. திரையில் `IndexError: list index out of range` என்று வரும். அதைப் பார்த்த பிறகு அந்தச் சோதனை ஏன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, மூடியவுடன் எழுதத் தொடங்காதீர்கள். மூடியவுடன் எழுதுவது பெரும்பாலும் கண்ணில் ஒட்டியிருக்கும் பிம்பத்தைப் பார்த்து எழுதுவது. அரை மணியாவது வேறு வேலை பாருங்கள். அடுத்த நாள் என்றால் இன்னும் நல்லது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் நிரலை எழுதாமல், `lo`, `hi` கொடுக்கும் வாக்கின் அந்த இரண்டு வாக்கியங்களையும் தமிழில் எழுதுங்கள். அவை வராவிட்டால் நிரலும் வந்து பயனில்லை, மாதிரிக்குத் திரும்பிப் போகலாம். வந்துவிட்டால் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிரலை எழுதுங்கள். மாறிகளின் பெயர் மாறலாம், `if`இல் எது முதலில் வருகிறது என்பது மாறலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சொல்லுக்குச் சொல் மாதிரியைப் போலவே வந்திருந்தால்தான் எனக்குச் சற்றுச் சந்தேகம் வரும்.

எழுதியதை மாதிரியோடு ஒப்பிடுவதற்கு முன் உடைத்துப் பாருங்கள். காலிப் பட்டியல், ஒரே ஓர் எண் உள்ள பட்டியல், எல்லாம் ஒரே எண்ணாக உள்ள பட்டியல், எல்லாவற்றையும்விடச் சிறிய எண், எல்லாவற்றையும்விடப் பெரிய எண், கடைசியில் இருக்கும் எண். பைனரி சர்ச்சில் பிழைகள் பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான் குடியிருக்கும். மாதிரியே தவறாக இருந்தாலும் இதில் அகப்படும். நண்பர்களிடமிருந்து கைமாறி வரும் விடைகளில் அதற்கும் இடமுண்டு. அவ்வளவு ஏன், ஜாவா மொழியின் நூலகத்திலேயே இருந்த பைனரி சர்ச்சில், மிகப் பெரிய பட்டியல்களில் `lo`வையும் `hi`யையும் கூட்டும்போது எண் கொள்ளளவு மீறிப்போகும் ஒரு பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2006இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பைத்தானில் முழு எண்களுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லாததால் மேலே உள்ள நிரலுக்கு அந்தக் கவலை இல்லை. சி மொழியிலோ ஜாவாவிலோ எழுதுபவர்கள் `lo + (hi - lo) / 2` என்று எழுதிக்கொள்வது அதனால்தான்.

இனி உங்களை முடக்கிய இடத்துக்கு வருவோம். நினைவிலிருந்து எழுதி முடித்ததோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. கேள்வியை நீங்களே ஒரு முறை மாற்றிக்கொண்டு எழுத வேண்டும். முதல் இடத்துக்குப் பதில் `x` கடைசியாக வரும் இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரலை வெறித்துப் பார்த்துக்கொண்டு எதை மாற்றலாம் என்று தடவாதீர்கள், அங்கேதான் கை நிற்கும். வாக்கை மாற்றுங்கள். `lo`வுக்கு இடப்பக்கம் இருப்பவை எல்லாம் `x`க்குச் சமம் அல்லது சிறியவை. `hi` முதல் இருப்பவை எல்லாம் `x`ஐவிடப் பெரியவை. அப்படியானால் `if a[mid] < x` என்பது `if a[mid] <= x` ஆகிறது. லூப் நிற்கும்போது `lo` முதல் பெரிய எண்ணில் நிற்கும், நமக்கு வேண்டியது அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. ஆகவே கடைசி வரி:

```python
    return lo - 1 if lo > 0 and a[lo - 1] == x else -1
```

நம் பட்டியலில் 5க்கு ஓட்டிப் பாருங்கள். `lo` 3 ஆகும், பிறகு `hi` 4 ஆகும், பிறகு `lo` 4 ஆகும். விடை 3. மாறியது இரண்டே வரி. ஓரச் சோதனையும் பக்கம் மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? முன்பு வலது ஓரத்தைத் தாண்டும் அபாயம் இருந்தது. இப்போது அந்த அபாயம் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. பைத்தானில் அது இன்னும் குசும்பானது. `a[-1]` என்றால் பிழை காட்டாமல் கடைசி எண்ணை எடுத்துக் கொடுத்துவிடும்.

இது வந்துவிட்டால் பட்டியலே இல்லாத ஒன்றை முயன்று பாருங்கள். `n` கொடுத்தால், தன்னைத்தானே பெருக்கினால் `n`ஐ மீறாத மிகப் பெரிய முழு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 50 என்றால் 7. இதில் `a` கிடையாது, `x` கிடையாது. ஆனாலும் `lo`வுக்கு முன்னால் உள்ள எண்கள் எல்லாம் மீறாதவை, `hi` முதல் எல்லாம் மீறுபவை என்ற வாக்கு அப்படியே பொருந்துகிறது. தொடக்கத்தில் `hi`ஐ எங்கே வைப்பது என்பதை மட்டும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மூன்று கேள்விகளுக்கும் ஒரே எலும்புக்கூடு என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்போது, தேர்வில் நான்காவதாக எதைக் கேட்டாலும் தொடங்குவதற்கு ஓர் இடம் இருக்கும்.

எல்லா வீட்டுப்பாடத்துக்கும் இது ஒத்துவராது. 200 வரி நிரலை முழுவதும் நினைவிலிருந்து எழுதுவது வீண் வேலை. அதில் மூளை இருக்கும் பத்துப் பதினைந்து வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பைத் திறப்பதையும் விடையை அச்சிடுவதையும் பார்த்தே எழுதலாம், குற்றமில்லை. ஒரு வகைக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் அந்த வகையில் மாதிரி விடை பார்ப்பதை நிறுத்திவிடவும் வேண்டும். அதற்குப் பிறகு அது உதவுவதில்லை, உங்கள் வழியை அடுத்தவர் வழியோடு ஒத்துப்பார்க்கும் கூடுதல் வேலையாகத்தான் மிஞ்சும்.

சமர்ப்பிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் ஆசிரியர், நானல்ல. சில கணினித் துறைகளில் ஒரு விதி உண்டு: வீட்டுப்பாடத்தை மற்றவர்களோடு விவாதிக்கலாம், ஆனால் எந்தக் குறிப்பையும் எடுத்துப் போகக் கூடாது. பிறகு அரை மணி நேரம் மூளைக்கு வேலையில்லாத எதையாவது செய்துவிட்டு, தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். அரை மணி கழித்தும் எழுத வருகிறது என்றால் அது உங்களுடையது என்பது அதன் கணக்கு. உங்கள் வகுப்பில் அப்படி விதி ஏதும் இல்லையென்றால், நிரலின் முதல் வரியில் “மாதிரி விடையைப் படித்த பிறகு எழுதியது” என்று ஒரு குறிப்பைப் போட்டுவிடுங்கள். ஆசிரியரே கொடுத்த மாதிரி என்பதால் அவர் கோபித்துக்கொள்ள வாய்ப்புக் குறைவு. நண்பரின் விடை என்றால் ஆசிரியரைக் கேட்காமல் சமர்ப்பிக்காதீர்கள். எழுதிப் பழகியதை வைத்துக்கொண்டு, நீங்களே மாற்றிக்கொண்ட அந்த இரண்டாவது கேள்விக்கான நிரலை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு அப்படி ஒரு மாணவர் வந்தால் முதல் நிரல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே மாட்டேன்.